டீக்கடைக்கு, வாடிக்கைக்காரர் வாயில் நிற்கிற ஒரு வரி

"தெருமுனையில் சின்னதாக டீக்கடை நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தினமும் வருகிறவர்கள்தான். அவர்கள் மனதில் நிற்கிற மாதிரி, அவர்களே வாய்விட்டுச் சொல்கிற மாதிரி கடைக்கு ஒரு வரி வேண்டும். பலகை எழுதுகிறவர் 'சுவையான தேநீர், சுகமான நேரம்' என்று போடலாம் என்கிறார். வேறு ஏதாவது சொல்லுங்களேன்."

என்னைக் கேட்டால், "எப்பவும் போல, இப்பவும்" என்று வையுங்கள்.

மூன்றே வார்த்தை. டீ என்ற சொல்லே இல்லை, சுவை இல்லை, தரம் இல்லை. படித்தவுடன் 'இதில் என்ன இருக்கிறது?' என்று தோன்றலாம். தோன்றட்டும். இந்த வரியைப் படித்து ரசிக்க வேண்டியதில்லை, கடை முன்னால் நின்று சொல்ல வேண்டும். ஏன் இதைச் சொல்கிறேன், இதை எப்படிப் புழக்கத்தில் விடுவது, எந்தக் கடைக்கு இது ஒத்துவராது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். ஒருவேளை இந்த வரி உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், இதே வழியில் வேறொன்றை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் பலகைக்காரர் சொன்ன வரியைப் பார்ப்போம். 'சுவையான தேநீர், சுகமான நேரம்.' காதுக்குக் குறை சொல்ல முடியாது. சுவை, சுகம் என்று மோனை இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்கிறது. ஆனால் ஒருத்தர் இன்னொருத்தரிடம் இதை எப்போது சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். "வாங்க, சுகமான நேரம் ஒன்று குடிப்போம்" என்று யாராவது கூப்பிடுவார்களா? பேச்சில் 'தேநீர்' என்று சொல்பவரே குறைவு. அந்த வரி பலகையில் அழகாக உட்கார்ந்திருக்கும். அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். 'தரமே எங்கள் தாரக மந்திரம்', 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள்' எல்லாம் இதே ஜாதி. கடைக்காரர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிற வரியில் வாடிக்கைக்காரர் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

அடுத்து, வேடிக்கை வரி. டீயையும் ஏதாவது ஒரு சொல்லையும் முடிச்சுப் போட்டுச் சிலேடை செய்வது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. புதிதாக வருகிறவர் சிரிப்பார், படம்கூட எடுத்துக்கொள்வார். வழிப்போக்கர்களை நம்பி நடக்கிற கடைக்கு அது சரி. ஆனால் உங்கள் கடைக்கு வருகிறவர் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை வருகிறவர். ஒரு வருஷத்தில் அந்தப் பலகையை எழுநூறு தடவை பார்க்கப் போகிறார். எந்தச் சிலேடையும் அத்தனை தடவை சிரிப்பு மூட்டாது. பத்தாவது நாளே கண் அதைத் தாண்டிப் போய்விடும். அவர் தன் நண்பரிடம் அதைச் சொல்லவும் மாட்டார், பழைய ஜோக்கைச் சொல்ல யாருக்கும் கூச்சம்தான். ஆனால் 'வணக்கம்', 'சாப்பிட்டாச்சா?' இதெல்லாம் ஆயிரம் தடவை சொன்னாலும் சலிப்பதில்லை. அதில் புதுமையை யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஒரு வேலைக்காகச் சொல்கிறோம், அவ்வளவுதான். தினமும் வருகிறவருக்கான வரி இந்தப் பக்கத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

அதனால் வரியை யோசிக்க உட்காருவதற்கு முன்னால் கடையில் நின்று காது கொடுங்கள். டீக்கடையில் ஒருத்தர் வாய் திறக்கிற இடங்கள் கொஞ்சம்தான். கூட வேலை செய்கிறவரை "வாங்க, ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிடுவது ஒன்று. கடைக்கு வந்து என்ன வேண்டும் என்று சொல்வது இரண்டாவது. முதல் வாய் குடித்துவிட்டு ஏதாவது சொல்வது அடுத்தது. காசு கொடுத்துவிட்டு, அல்லது கணக்கில் எழுதச் சொல்லிவிட்டுக் கிளம்புவது கடைசி. இந்த நாலு இடங்களிலும் ஜனங்கள் ஏற்கெனவே ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் வரி இதில் ஒன்றில் போய் உட்கார வேண்டும். உட்கார இடமில்லாத வரியை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், யாரும் சொல்ல மாட்டார்கள். பிடிக்காமல் இல்லை, சொல்லச் சந்தர்ப்பம் வராது.

இந்த நாலில் இரண்டாவது இடம்தான் தினமும் வருகிறவருக்கே உரியது. புதிதாக வருகிறவர் "ஒரு டீ, சர்க்கரை கம்மி, கொஞ்சம் ஸ்ட்ராங்கா" என்று முழுசாகச் சொல்வார். பழகினவர் அப்படிச் சொல்வதில்லை. வண்டியை நிறுத்தும்போதே மாஸ்டரைப் பார்ப்பார். மாஸ்டர் தலையை லேசாகத் தூக்குவார். "எப்பவும் போல" என்று இவர் சொல்வதற்குள் கை கிளாஸுக்குப் போயிருக்கும். நீங்கள் இதை உங்கள் கடையில் தினமும் எத்தனை தடவை கேட்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீங்கள் தேடுகிற வரியின் முதல் பாதியை உங்கள் வாடிக்கைக்காரர்களே காசு வாங்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நாம் புதிதாகச் சேர்க்க வேண்டியது மிச்சத்தைத்தான்.

அந்த மிச்சம் மாஸ்டருடைய வேலை. வாடிக்கைக்காரர் "எப்பவும் போல" என்கிறார். மாஸ்டர் கிளாஸை நீட்டும்போது "இப்பவும்!" என்கிறார். அவ்வளவுதான் முழு வரியும். பாதி அவருடையது, பாதி உங்களுடையது. கொஞ்ச நாளில் இது தலைகீழாகவும் நடக்கும். மாஸ்டர் முந்திக்கொண்டு "எப்பவும் போல?" என்று கேட்பார், வந்தவர் "இப்பவும்" என்பார். ஒருத்தர் தொடங்கி இன்னொருத்தர் முடிக்கிற பேச்சுக்கு ஒரு பலம் உண்டு. தொடங்கின பேச்சை நடுவில் விட யாருக்கும் மனசு வராது, வாய் தானாக முடித்துவைக்கும்.

சரி, மிச்சத்துக்கு ஏன் 'இப்பவும்'? 'அதே சுவை' என்றோ 'மாறவே மாறாது' என்றோ வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். ஓசைதான் காரணம். எப்பவும், இப்பவும் இரண்டிலும் இரண்டாம் எழுத்திலிருந்து கடைசி வரை ஒன்றே. அது எதுகை. முதல் எழுத்துகளான எ, இ இரண்டும் மோனைக்கு ஒன்றுக்கொன்று இனமானவை. இ, ஈ, எ, ஏ நாலும் ஒரே கூட்டம் என்று யாப்பில் படித்திருப்பீர்கள். ஆக இரண்டு வார்த்தையும் முழுக்க ஒட்டிப் பிறந்தவை, முதல் எழுத்து மட்டும் மாறுகிறது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' ஏன் இத்தனை தலைமுறை தாங்கியது என்றால் ஆடி, தேடி என்ற அந்த ஒரு எதுகைக்கும் அதில் பங்கு உண்டு. முதல் பாதியைச் சொன்னாலே இரண்டாம் பாதி நாக்கில் வந்து நிற்கும்.

மாத்திரை எண்ணிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை என்று போட்டால் எப்பவும் 4, போல 3, இப்பவும் 4. இரண்டு பக்கமும் ஒரே எடை, நடுவில் 'போல' என்ற நெடில் வார்த்தையில் குரல் கொஞ்சம் நின்று திரும்புகிறது. மொத்தம் 11 மாத்திரை. சாதாரணமாகச் சொன்னால் 2 வினாடிகூட ஆகாது. இது முக்கியம். ஆலன் பேட்லி என்ற உளவியலாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் 1975இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், கேட்டதை உடனே அப்படியே திருப்பிச் சொல்வதற்கு வார்த்தைகளின் எண்ணிக்கை மட்டும் கணக்கில்லை, அவற்றைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் கணக்கு என்று காட்டினார்கள். ஏறக்குறைய 2 வினாடிக்குள் சொல்லக்கூடிய அளவுதான் தடுமாறாமல் திரும்பி வருகிறது. டீக்கடையில் யாரும் உங்கள் வரியை மனப்பாடம் செய்ய உட்காரப் போவதில்லை. ஒரு தடவை காதில் விழுந்ததை அடுத்த நிமிஷம் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்ல முடிய வேண்டும். அதற்கு இந்த அளவு போதும்.

ஓசைக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலப் பழமொழிகளை வைத்து 2000இல் மெக்லோன் என்ற ஆய்வாளரும் இன்னொருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே கருத்தை ஓசை இயைந்தும் இயையாமலும் எழுதிக் காட்டினால், இயைந்ததைத்தான் ஜனங்கள் அதிகம் உண்மை என்று நம்பினார்கள். ஆனால் 'ஓசையைத் தள்ளிவிட்டுக் கருத்தை மட்டும் பாருங்கள்' என்று சொன்னதும் அந்த வித்தியாசம் குறைந்துவிட்டது. உங்கள் வாடிக்கைக்காரருக்கு அப்படி யாரும் சொல்லத் தேவையில்லை. கையில் கிளாஸ் இருக்கிறது. வரி சொல்வது பொய் என்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

எழுத்தில் ஒரு சின்னச் சிக்கல் வரும். பலகை எழுதுகிறவரோ, படித்த உறவினர் யாரோ, 'எப்பவும்' பேச்சு வழக்கு, 'எப்போதும் போல இப்போதும்' என்று திருத்துங்கள் என்பார்கள். இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரிதான், எதுகைகூடக் கெடாது. இருந்தும் வேண்டாம். வந்து நிற்கிறவர் வாயில் 'எப்போதும்' வராது. பலகையில் இருக்கிற வரியும் வாயில் வருகிற வரியும் ஒரே எழுத்தில் இருந்தால்தான் படிக்கிறவருக்கு "அட, இது நான் சொல்றதாச்சே" என்று தோன்றும். 'போல' என்பதற்குப் பின்னால் ஒரு காற்புள்ளி போதும். ஆச்சரியக்குறி, மூன்று புள்ளி, சிரிக்கிற முகம் எதுவும் வேண்டாம்.

இப்போது இந்த வரியின் பலவீனத்துக்கு வருவோம். 'எப்பவும் போல' என்பதை எல்லாக் கடையிலும் எல்லோரும் சொல்கிறார்கள். அது உங்களுடையது என்று எப்படித் தெரியும்? வரி நன்றாக நினைவிருந்து, அது எந்தக் கடையுடையது என்பது மறந்துபோவது விளம்பரக்காரர்களுக்குப் பழைய தலைவலி. இதற்கு 'இப்பவும்' பாதி மருந்து. முதல் வார்த்தைகள் பொது, முடிப்பது உங்கள் மாஸ்டர் மட்டுமே. மீதிப் பாதிக்குக் கடையின் பெயரைப் பக்கத்தில் ஒட்டவைக்க வேண்டும். ஜனங்கள் உங்கள் கடையை என்ன சொல்லிக் குறிப்பிடுகிறார்கள் என்று பாருங்கள், பலகையில் இருக்கிற பெயர் அதுவாக இல்லாமலும் இருக்கலாம். 'அண்ணன் கடை' என்றோ 'முக்குக் கடை' என்றோ சொல்கிறார்கள் என்றால் அந்தப் பெயரே வரிக்கு மேலே வரட்டும். 'முக்குக் கடை' என்று ஒரு வரி, கீழே 'எப்பவும் போல, இப்பவும்'. பெயரும் வரியும் ஒரே எழுத்து வடிவத்தில், ஒரே நிறத்தில் இருந்தால் கண் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் பலகை கடைசி வேலை. முதலில் வாயில் விடுங்கள். எல்லோரிடமும் மாஸ்டர் "இப்பவும்!" சொல்லக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவரிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது, சொல்லுக்கும் மதிப்புப் போய்விடும். "எப்பவும் போல" என்று தானாகச் சொல்கிறவருக்கு மட்டும்தான் பதில். அப்படி வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? பக்கத்தில் நிற்கிற புது ஆள் இதைக் கேட்பார். இங்கே சிலருக்கு மட்டும் ஏதோ ஒரு பேச்சு இருக்கிறது என்று கவனிப்பார். நாலைந்து தடவை வந்தபின் ஒருநாள் அவரும் தைரியமாக "எப்பவும் போல" என்று சொல்லிப் பார்ப்பார். மாஸ்டர் அவருடைய டீயைச் சரியாகப் போட்டு, "இப்பவும்!" என்று நீட்டினால் அவர் அன்றைக்கு உங்கள் கடை ஆள் ஆகிவிட்டார். அதை அவர் நண்பரைக் கூட்டிவந்து காட்டுவார். ஒரு வரியை ஜனங்கள் திருப்பிச் சொல்வது அது அழகாக இருப்பதால் மட்டும் இல்லை. அதைச் சொல்வதால் தனக்கு அந்த இடத்தில் ஒரு உரிமை இருக்கிறது என்று காட்ட முடிவதால்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

மாஸ்டர் இதை மனசில்லாமல் சொன்னால் எல்லாம் கெட்டுவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்களே டீ போடுகிறீர்கள் என்றால் கவலையில்லை. வேலைக்கு ஆள் வைத்திருந்தால், கட்டாயம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போடாதீர்கள். கூட்ட நேரத்தில் அவருக்கு மூச்சு விட நேரமிருக்காது. காலை பத்தரை, பதினொன்றுக்குக் கடை கொஞ்சம் ஓய்கிற நேரத்தில் நாலு பேரிடம் சொல்லட்டும், அதுவே பரவும்.

இனி டீக்கு வருவோம், ஏனென்றால் இந்த வரி ஒரு வாக்குறுதி. 'மிகச் சிறந்த டீ' என்று நீங்கள் சொல்லவில்லை. அதைச் சொன்னால் யாரும் சரிபார்க்க முடியாது, அதனால் யாரும் நம்புவதுமில்லை. 'போன தடவை குடித்ததேதான் இந்தத் தடவையும்' என்று சொல்கிறீர்கள். இதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் சரிபார்க்க முடியும். ஆபத்தும் அங்கேதான், பலமும் அங்கேதான்.

தேயிலை ருசி பார்க்கிறவர்களுக்கு ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேசத் தரநிலை உண்டு. 1980இல் வந்தது, 2019இல் திருத்தினார்கள். 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிஷம் ஊறவேண்டும் என்கிறது. இப்படிப் போட்டால்தான் டீ நன்றாக இருக்கும் என்று அது சொல்லவே இல்லை. எங்கே, யார் போட்டாலும் ஒரே மாதிரி வர வேண்டும், அப்போதுதான் ஒரு தேயிலையை இன்னொன்றோடு ஒப்பிட முடியும் என்பதற்காக வைத்த அளவு. நல்ல டீ வேறு, மாறாத டீ வேறு என்பது அந்தத் தொழிலில் அவ்வளவு தெளிவு. உங்கள் கடைக்கு இந்த அளவு பொருந்தாது, பால் சேர்த்துப் போடுகிற கணக்கு வேறு. ஆனால் நினைப்பு அதேதான் வேண்டும்: உங்களுக்கென்று ஒரு அளவு, அதை யாரும் கண்ணால் குத்துமதிப்பாகப் போடக் கூடாது.

டீ மாறுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். ஒன்று, தூளைச் சுடுநீரிலேயே விட்டுவைப்பது. துவர்ப்பும் கசப்பும் நேரம் ஆக ஆக இறங்கிக்கொண்டே இருக்கும். டிகாஷன் இறக்கி ஐந்து நிமிஷத்தில் குடித்தவருக்கும், முக்கால் மணி நேரம் கழித்துக் குடித்தவருக்கும் ஒரே டீ கிடைக்காது. பெரிதாகப் போட்டு வைப்பதைவிடச் சின்னச் சின்னதாக அடிக்கடி போடுவதுதான் வழி. இரண்டாவது, பால். அடுப்பிலேயே இருக்கிற பாலில் தண்ணீர் ஆவியாகிப் பால் திக்காகும், வாசமும் மாறும். காலை ஏழு மணிக்கு வருகிறவர் இதை அறியவே மாட்டார், பதினொரு மணிக்காரர்தான் மாட்டிக்கொள்வார். மூன்றாவது, சர்க்கரைக் கரண்டி. தலைதட்டிய ஒரு கரண்டிக்கும் குவித்து அள்ளிய ஒரு கரண்டிக்கும் வித்தியாசம் நிறைய. கைமாறும்போது டீ மாறுகிறது என்று ஜனங்கள் சொல்வதில் பாதி இந்தக் கரண்டிதான். தூளுக்கு ஒரு கரண்டி, சர்க்கரைக்கு ஒரு கரண்டி, இரண்டையும் தலைதட்டியே போடுவது என்று முடிவு செய்தால் வரிக்குப் பாதி காவல் வந்துவிட்டது.

மாஸ்டர் லீவில் போகிற நாளுக்கும் யோசித்து வையுங்கள். ஆளுக்கு ஆள் 'எப்பவும்' வேறு. ஒருத்தருக்குச் சர்க்கரையே கூடாது, இன்னொருத்தருக்கு லைட். மாற்று ஆளுக்கு அது தெரியாது. அவர் தெரிந்த மாதிரி நடிக்க வேண்டாம், "உங்க டீ எப்படின்னு சொல்லுங்க, நாளைக்கு எப்பவும் போலத்தான்" என்று கேட்டுப் போட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். சர்க்கரை சேர்க்காதவருக்குச் சர்க்கரை போட்டுவிட்டு "இப்பவும்!" என்று நீட்டினால்தான் கோபம் வரும்.

பலகையில் எழுதுவதற்கு முன் ஒரு சோதனை. "இந்த வரி எப்படி இருக்கு?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே கேட்டால் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. அதற்குப் பதிலாக இரண்டு மூன்று பேரிடம் பேச்சோடு பேச்சாக ஒரு தடவை சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விடுங்கள். மறுநாள் அவர்கள் வரும்போது, "நேத்து ஒண்ணு சொன்னேனே, என்ன அது?" என்று கேளுங்கள். அப்படியே திருப்பிச் சொன்னால் சரி. மாற்றிச் சொன்னால் இன்னும் நல்லது, அவர்கள் மாற்றியதைக் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, நீங்கள் முதலில் 'எப்பவும் எப்படி இருந்ததோ, அப்படியே இப்பவும்' என்று வைத்திருந்தால் யாரும் அதை முழுசாகத் திருப்பித் தர மாட்டார்கள். 'எப்படி இருந்ததோ அப்படியே' என்பது வழியில் உதிர்ந்துவிடும். எது உதிர்கிறதோ அது தேவையில்லாதது. ஊர் வாய் தேய்த்துக் கொடுத்த வடிவத்தையே பலகையில் எழுதுங்கள். இதே சோதனையைப் பலகைக்காரர் வரிக்கும் வைத்துப் பாருங்கள், 'சுகமான ஏதோ ஒன்று' என்பதற்கு மேல் திரும்பி வராது என்பது என் கணிப்பு.

இந்த வரி எல்லாக் கடைக்கும் ஆகாது. நேற்றுத் திறந்த கடைக்கு 'எப்பவும்' என்று சொல்ல எந்த யோக்கியதையும் இல்லை, படிக்கிறவருக்குச் சிரிப்புத்தான் வரும். அப்படிப்பட்ட கடை, நான் முதலில் சொன்ன இடத்தை, கூட வேலை செய்கிறவரைக் கூப்பிடுகிற பேச்சைப் பிடிக்கலாம். 'நாலு வார்த்தை, ஒரு டீ' என்பது போல ஏதாவது. "வாங்க, நாலு வார்த்தை, ஒரு டீ" என்று கூப்பிட வாய்க்கு வரும். ஆனால் அதற்கு உட்கார பெஞ்சு வேண்டும், பேசிக்கொண்டு நிற்பவரை விரட்டாத மனசும் வேண்டும். நின்றபடி குடித்துவிட்டுப் போகிற இடுக்கில் அந்த வரியைப் போட்டால் பொய்யாகிவிடும். தூளையோ பாலையோ அடிக்கடி மாற்றிப் பார்க்கிற கடையும் 'எப்பவும் போல' பக்கம் வர வேண்டாம்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 'எப்பவும் போல' என்பதில் ஒரு குத்தலும் உண்டு. "எப்பவும் போல லேட்டு", "எப்பவும் போல கரண்ட் இல்லை" என்று எரிச்சலிலும் அதையேதான் சொல்கிறோம். டீ ஒருநாள் சொதப்பினால் முதல் ஆளே உங்கள் வரியை எடுத்து உங்கள் மேலேயே வீசுவார்: "என்னண்ணே, எப்பவும் போல இல்லையே இப்ப?" இதற்காக வரியை மாற்ற வேண்டாம். சொல்லாமல் அடுத்த கடைக்குப் போகிற ஆள்தான் நஷ்டம். இவர் உங்கள் வரியிலேயே புகாரைச் சொல்லிவிட்டு நிற்கிறார். கிளாஸை வாங்கி வைத்துவிட்டு வேறு டீ போட்டுக் கொடுங்கள், அப்புறம் எந்த டிகாஷன், யார் போட்டது என்று பாருங்கள். ஒரே வாரத்தில் ஒரே நேரத்தில் வருகிற இரண்டு மூன்று பேர் அப்படிச் சொன்னால் அந்த நேரத்துப் பாலிலோ தூளிலோதான் கோளாறு.

வரி பிடித்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? மாஸ்டர் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் பிடிக்கவில்லை. ஒரு மாதம் ஆகியும் அப்படியே என்றால் விட்டுவிடுங்கள், பலகைச் செலவாவது மிச்சம். வாடிக்கைக்காரர்கள் அதைத் தங்கள் இஷ்டத்துக்கு வளைக்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். மாசக் கடைசியில் ஒருத்தர் டீயைக் குடித்துவிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "கணக்குல எழுதிக்கோங்கண்ணே, எப்பவும் போல, இப்பவும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுப்பார். அன்றைக்குப் பலகைக்காரரைக் கூப்பிடுங்கள்.